புதுப்பிப்பு: ஸ்பிரிங் கோடு பூஜ்யம் வழியாகப் போகவில்லை

நான் முன்பு கேட்டது: “மகளின் லேப் ரெக்கார்டுக்காக ஸ்பிரிங்கில் எடை தொங்கவிட்டோம். 50 கிராமுக்கு 8 மி.மீ. நீண்டது, 100-க்கு 27, 150-க்கு 48, 200-க்கு 66, 250-க்கு 86. ஸ்பிரிங் கெட்டுவிட்டதா?”

கெடவில்லை. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய அந்த ஸ்பிரிங்கில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன, அந்த இறுக்கத்தை மீறினால்தான் நீளும் என்றார் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். சரிதான்.

எடைக்கு எதிராக நீட்சியை வரைந்தால் வரும் கோடு பூஜ்யம் வழியாகத்தான் போக வேண்டும் என்ற நண்பரின் பேச்சு இறுக்கமில்லாத ஸ்பிரிங்குக்குப் பொருந்தும். இங்கே அப்படிப் போட்டால் ஸ்பிரிங் மாறிலி மீட்டருக்கு 30 நியூட்டன் வருகிறது, ஆனால் புள்ளிகளின் விலகல் −8.4, −5.7, −1.1, +0.5, +4.2 மி.மீ. என்று வரிசையாக ஏறுகிறது. இது சிதறல் இல்லை, கோடே தப்பு.

கோட்டை அதன் போக்கில் விட்டால் கூடும் ஒவ்வொரு 50 கிராமுக்கும், அதாவது 0.49 நியூட்டனுக்கும், 19.5 மி.மீ. நீள்கிறது; மாறிலி சுமார் 25. விலகல் 1 மி.மீ.க்கு மேல் இல்லை, அதிலும் ஒழுங்கான ஏற்றம் கிடையாது. கோடு எடை அச்சை 30 கிராம் அருகே வெட்டுகிறது, அதுதான் அந்த இறுக்கம்.

அப்புறம் 150 கிராமில் தனியாக நிற்கும் 1 மி.மீ. விலகல், ஸ்கேலைச் சாய்வாகப் பார்த்ததாலா என்று தெரியவில்லை, ஞாயிறு மறுபடி அளக்கிறோம்.