சிம் மாறியது, வாட்ஸ்அப் எண் மாறவில்லை: ஒன்பதாவது மாதம் மாட்டிக்கொண்டேன்

கிரேன்காரன்:
வெளிநாட்டு வேலைக்கு வந்த முதல் வாரமே உள்ளூர் சிம் வாங்கிப் போட்டேன். பழைய சிம்மை உறையில் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. வாட்ஸ்அப் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பழைய எண்ணிலேயே, தங்குமிட வைஃபையில் ஒன்பது மாதம் ஜம்மென்று ஓடியது.

போன மாதம் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. புதுப் போனில் பழைய எண்ணைத் தட்டினால், ஆறு இலக்கக் குறியீட்டை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறது. எங்கே அனுப்பியது? பெட்டியில் கிடக்கிற சிம்முக்கு! எடுத்துப் போட்டுப் பார்த்தேன், நெட்வொர்க்கே ஏறவில்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் எண்ணையே முடக்கிவிட்டார்கள். 'அழைப்பு மூலம் பெறு' என்பதும் அதே செத்த எண்ணுக்குத்தானே போகும். விடாமல் அழுத்தியதில் காத்திருக்கும் நேரம்தான் கூடிக்கொண்டே போனது.

மடிக்கணினியில் இணைத்து வைத்திருந்ததால் கொஞ்ச நாள் அதில் செய்தி பார்த்தேன். போன் இல்லாமல் 14 நாள் தாண்டியதும் அதுவும் வெளியே தள்ளிவிட்டது.

மழைநேசன்:
வைஃபை இருந்தால் போதும், சிம்மே வேண்டாம் அண்ணா. நான் நான்கு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

தொலைவாசி:
மழைநேசன் சொல்வது பாதி சரி. ஒருமுறை பதிவாகிவிட்டால் செய்தி போக இணையம் போதும், உள்ளே எந்த சிம் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. ஆனால் போன் மாறினாலோ, அழித்து மறுபடி நிறுவினாலோ, எண் உங்களுடையதுதானா என்று மீண்டும் கேட்கும். சிம் தேவைப்படுவது அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான். நான்கு வருடமாக உங்கள் போன் விழவில்லை, அவ்வளவுதான் தம்பி.

கிரேன்காரன் தவறவிட்டது `Settings > Account > Change number`. பலருக்குத் தெரியாத விஷயம், இதற்குப் பழைய சிம் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. பழைய எண்ணில் ஆப் திறந்திருக்கும் போன் கையில் இருந்தால் போதும். பழைய எண், புது எண் இரண்டையும் கொடுத்தால் குறியீடு புது எண்ணுக்குத்தான் வரும். குழுக்கள் கூடவே வந்துவிடும். அதே போன் என்றால் உரையாடல்களும் அப்படியே இருக்கும். அந்த ஒன்பது மாதத்தில் எந்த நாளில் செய்திருந்தாலும் தப்பித்திருப்பார்.

கிரேன்காரன்:
வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறீர்களே! கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கிறது. புது எண்ணில் பதிந்தால் அதை எடுக்கலாமா?

தொலைவாசி:
பேக்கப் எடுத்த அதே எண் கேட்கும். எண்ணை யார் பெயரில் வாங்கினீர்களோ அவரைக் கடைக்கு அனுப்பி, மாற்று சிம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். முடங்கிய எண்ணைக் கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்காவது விற்றுவிடுவார்கள். அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

உப்புக்காற்று:
அந்த 'வேறு யாராவது' நான்தான்! இங்கே வாங்கிய புது சிம்மில் பதிந்தால், நான் வைக்கவே வைக்காத பின் நம்பரைக் கேட்டது. முந்தைய சொந்தக்காரர் இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருக்கிறார். ஏழு நாள் காத்திருந்த பிறகுதான் பின் இல்லாமல் உள்ளே விட்டது. திறந்ததும் புரியாத மொழியில் ஒரு குடும்பக் குழு. யாருக்கோ பிறந்தநாள், எனக்கும் கேக் படம் வருகிறது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியேறினேன். அந்த மனிதரும் நம் கிரேன்காரன் மாதிரி எங்கோ வைஃபையில் இருந்தாரோ என்னவோ.

ஷிஃப்ட்மணி:
எனக்குச் செய்தியெல்லாம் போகிறது, அழைத்தால் மட்டும் இணையவே மாட்டேன் என்கிறது. நான் அமீரகத்தில். எண்ணை மாற்றினால் சரியாகுமா?

தொலைவாசி:
அது வேறு சங்கதி. அங்கே வாட்ஸ்அப் அழைப்பை நெட்வொர்க்கிலேயே தடுத்திருக்கிறார்கள். எந்த எண்ணாக இருந்தாலும் அதே கதைதான். அனுமதி பெற்ற அழைப்புச் செயலிகள் அங்கே தனியாக இருக்கின்றன.

வெண்டைக்காய்:
நான் போன வருடம் `Change number` செய்தேன். குழுவெல்லாம் வந்தது. ஆனால் பாதித் தொடர்புகள் பெயர் போய் வெறும் எண்ணாக நின்றன. அம்மாவின் எண்ணையே யாரோ என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். நாட்டுக் குறியீடு இல்லாமல் சேமித்திருந்ததுதான் காரணம். + போட்டு ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இன்னொன்று. பாஸ்கீ போட்டு வைத்தால் எஸ்எம்எஸ் இல்லாமலே கைரேகை வைத்து உள்ளே போகலாம் என்கிறார்களே?

தொலைவாசி:
எனக்கு ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறியபோது வேலை செய்தது. ஆனால் அதை நம்பி பழைய சிம்மைச் சாகவிட மாட்டேன். இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, குறைந்தபட்ச ரீசார்ஜில் வைத்திருக்கிறேன். கிளம்பும் முன்பே ரோமிங்கைத் திறக்கச் சொல்லிவிட்டேன், எஸ்எம்எஸ் வருகிறது.

உப்புக்காற்று:
ஐபோனுக்கு மாறிய என் அறைத்தோழனுக்கு அந்தப் பாஸ்கீ கைகொடுக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

கிரேன்காரன்:
எண் அப்பா பெயரில் இருக்கிறது. நாளைக்குக் கடைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். எண் இன்னும் விற்காமல் இருந்தால் வந்து எழுதுகிறேன்.