மிக்சியும் குக்கரும் ஒரே அட்டைப்பெட்டியில்: உடையாமல் கட்டுவது எப்படி?

அடுத்த வாரம் குடிபெயர்கிறோம். மூன்று ஜார்களுடன் மிக்சி, ஐந்து லிட்டர் குக்கர், நண்பருக்குப் பரிசாக ஒரு பித்தளைச் சிலை ஆகியவற்றை 23 கிலோ வரம்புள்ள ஒரே பெட்டியில் செக்-இன் செய்ய எண்ணுகிறேன். மிக்சியின் பழைய பெட்டியும் தெர்மோகோலும் இருக்கின்றன. அவை போதுமா?

முதல் பதில்: துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டால் போதும். நான் இருமுறை அப்படித்தான் கொண்டுவந்தேன், எதுவும் ஆகவில்லை.

இரண்டாம் பதில்: துணி உதவும் என்பது உண்மைதான், ஆனால் தளர்வாக வைத்த துணி பயன்படாது. மிக்சியில் பெரும்பாலும் உடைவது அடிப்பாகத்தின் பிளாஸ்டிக் கூடு. பெட்டி மூலையில் குத்தி விழும்போது உள்ளே இருக்கும் மோட்டாரின் கனம் திருகுகள் பிடித்திருக்கும் இடங்களை இழுப்பதால், வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே விரிசல் விட்டுவிடும். எனவே பழைய பெட்டியிலேயே தெர்மோகோலுடன் மிக்சியை வைத்து, அதை ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் இறக்கி, ஆறு பக்கமும் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, இறுக மடித்த துண்டுகளால் நிரப்புங்கள். ஜார்களை மோட்டாரின் மேல் அடுக்காதீர்கள். விளிம்பு நெளிந்தால் மூடி பொருந்தாது.

குக்கரில் முதலில் போவது கைப்பிடி. திருகைக் கழற்றி அதைத் தனியே சுற்றுங்கள். கேஸ்கெட்டை எடுத்துத் தட்டையாக வையுங்கள். மூடியைக் கவிழ்த்து வைத்தால் போதும், பூட்ட வேண்டாம். சோதனையில் திறக்க நேர்ந்தால் அவர்களுக்கும் எளிது.

மூன்றாம் பதில்: 110 வோல்ட் உள்ள நாட்டுக்குப் போகிறீர்களா? என் மிக்சி முழுதாக வந்து சேர்ந்தும் அங்கே வேகமே எடுக்கவில்லை. பிறகு கனமான மின்மாற்றி ஒன்று வாங்க நேர்ந்தது.

கேட்டவர்: நன்றி ஐயா, நாங்கள் போகும் இடத்தில் 230 வோல்ட்தான். இன்று கட்டிப் பார்த்தேன், 21 கிலோ வந்தது. ஆனால் பெட்டியைச் சாய்க்கும்போது உள்ளே ஏதோ இடிக்கிறது.

இரண்டாம் பதிலளித்தவர்: ஓசை கேட்டால் கட்டு முடியவில்லை என்று பொருள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓசையோ கனம் நகரும் உணர்வோ இருக்கக் கூடாது.

கேட்டவர்: பிரித்துப் பார்த்தேன். குக்கரின் விசில் உள்ளே உருண்டிருக்கிறது. சிலையும் ஜாரின் பக்கம் சரிந்திருந்தது.

இரண்டாம் பதிலளித்தவர்: விசிலைக் காலுறைக்குள் போட்டு, குக்கரின் உள்ளே துணியை அடைத்து இறுக்குங்கள். சிலையைத் தயவுசெய்து இந்தப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தக் கனம் நகர்ந்தால் எந்தத் துண்டும் தாங்காது. உடைகள் இருக்கும் சூட்கேஸின் நடுவே, சக்கரங்கள் உள்ள பக்கமாக அதை வைக்கலாம்.

முதல் பதிலளித்தவர்: பெட்டிக்குக் கயிறு கட்டினால் கூடுதல் பலம் அல்லவா?

இரண்டாம் பதிலளித்தவர்: சில விமான நிலையங்களில் கயிறு கட்டிய பெட்டியை ஏற்பதில்லை. மூடும் விளிம்புகள் அனைத்திலும் அகல டேப்பை இரண்டு சுற்று ஒட்டினால் போதும் என்பது என் கருத்து. மேலே பிளாஸ்டிக் சுற்றுவது பயனுள்ளதா என்பதில் எங்கள் வீட்டிலேயே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.