ஒரே டூல், இரண்டு டாலரன்ஸ்: ஒரு ஷாஃப்டில் நேர்ந்தது

ஓசூர், புரோகிராமர்:
சிப்காட் அருகே ஒரு சிறு பட்டறையில் சி.என்.சி. லேத்துக்கு நான் புரோகிராம் எழுதத் தொடங்கிய நாட்களில் வந்த ஷாஃப்ட் இது. முனையில் 25 மி.மீ. விட்டம், அது கூடவே கூடாது, 21 மைக்ரான் வரை குறையலாம். அடுத்த படியில் பேரிங் அமரும் விட்டம் 30.002 முதல் 30.015 வரை இருக்க வேண்டும். டிராயிங்கில் கண்ணில் பட்ட 25, 30 என்ற எண்களையே எழுதிவிட்டேன். முதல் ஷாஃப்ட் 25.004, 30.004 என்று வந்தது. முனையைச் சரிசெய்ய, டூல் தேய்மானத்துக்கான திருத்தமாகிய வேர் ஆஃப்செட்டில் -0.015 கொடுத்ததும் அது 24.989 ஆயிற்று, ஆனால் அதே ஃபினிஷ் டூல் வெட்டும் 30-உம் கூடவே இறங்கி 29.989 ஆகிவிட்டது. பேரிங் கையால் தள்ளியவுடனே வழுக்கி உள்ளே போனபோது, ஒன்பது ஷாஃப்ட் வெட்டி முடித்திருந்தேன்.

பிறகு இரண்டுக்கும் நடு அளவையே எழுதினேன். கணக்குப்படி 24.9895, 30.0085 வரும், எங்கள் மெஷினுக்கு மூன்று தசம இடங்களே என்பதால் கடைசி 5-ஐ விட்டுவிட்டேன்.

```
G01 X24.989 F0.1
Z-20.
X30.008
Z-45.
```

இப்போதும் 4 மைக்ரான் கூடுதலாகவே வந்தது, ஆனால் -0.004 என்ற ஒரே திருத்தத்தில் இரண்டும் நடுவுக்கு வந்தன.

கிருஷ்ணகிரி, செட்டர்:
இதற்கு இவ்வளவு கணக்கு தேவையில்லை. டாலரன்ஸில் பாதியை டிராயிங் அளவிலிருந்து கழித்தால் போதும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஓசூர், தர ஆய்வாளர்:
தாங்கள் வெட்டுவது பெரும்பாலும் ஷாஃப்ட் என்பதால் அது பொருந்திவருகிறது. 40 துளைக்கு +0.025, 0 என்று இருந்து, ஒருவர் பாதியைக் கழித்து 39.987 என்று எழுதியதால் பிளக் கேஜின் ‘கோ’ பக்கமே நுழையாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் முழு அளவாக எழுதி, கூட்டி, இரண்டால் வகுத்துவிடுங்கள். அந்தத் துளைக்கு 40.0125 வரும். இரண்டு எல்லைகளும் கூடுதலாக உள்ள அந்த 30 விட்டத்தில் பாதியைக் கழிக்கும் முறை எங்கே கொண்டுபோய் விடும் என்று போட்டுப் பாருங்கள்.

தருமபுரி, பட்டறை உரிமையாளர்:
எங்கள் பின்னை நடு அளவிலேயே வெட்டியும், துத்தநாக முலாம் பூசி வந்த பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் நடு அளவு தவறா?

ஓசூர், தர ஆய்வாளர்:
முலாம் 8 மைக்ரான் என்றால் விட்டத்தில் 16 கூடும். டிராயிங் அளவு முலாமுக்குப் பிந்தையதா என்று கேட்டறிந்து, அப்படியானால் நடு அளவிலிருந்து அந்த 16-ஐக் கழித்து எழுதுங்கள்.

கிருஷ்ணகிரி, செட்டர்:
துளை விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் இன்செர்ட் தேயத் தேய ஷாஃப்ட் பருக்கும். எனவே நடுவுக்கு 4, 5 மைக்ரான் கீழே எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஓசூர், புரோகிராமர்:
அந்த 5 மைக்ரானை வேர் ஆஃப்செட்டில் கொடுங்கள். புரோகிராமில் புகுந்துவிட்டால், அடுத்த ஷிஃப்ட்காரர் எதை நடு என்று எடுத்துக்கொள்வார்?

கிருஷ்ணகிரி, செட்டர்:
இன்செர்ட் மாற்றும்போது ஆஃப்செட்டைப் பூஜ்யமாக்குவது எங்கள் வழக்கம். அதனால்தான் புரோகிராமிலேயே வைக்கிறேன்.