மீன் டியர் லிஸ்ட்: எதை எங்க வச்சாலும் திட்டுதான் வருது, வரி எப்படி எழுதறது?

மண்டபம்கரை
அவசரம். மீனுக்கு S, A, B, C, D-ன்னு தரம் பிரிச்சு வரிசையா வைக்கிற டியர் லிஸ்ட் வீடியோ ஒண்ணு போட்டேன். 14 மீன், ஒன்பது நிமிஷம். நாலு பேர் பேசணும்னுதான் போட்டேன். பேசுறாங்க, ஆனா எனக்கு மீனே தெரியாதுங்கிற மாதிரி பேசுறாங்க. "இந்த மீன் ஏன் அங்க இருக்கு"ன்னு ஒருத்தர் கூட கேக்கல. அடுத்தது ஞாயித்துக்கிழமை எடுக்கணும். ஒவ்வொரு மீனுக்கும் சொல்ற வரிய எப்படி எழுதறது? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

தொண்டிவலை
எதுக்கு தரம் போட்டீங்க? குழம்புக்கா, வறுக்கவா, கருவாட்டுக்கா? அதச் சொல்லாம என்ன சொல்றது.

ராம்நாடு எடிட்டர்
இதே கேள்விக்கு இங்க பல தடவ பதில் சொல்லியாச்சு, தேடிப் பார்த்துட்டு வந்திருக்கலாம். வரி பிரச்சினையே இல்ல. கரையில நின்னு எடுத்திருப்பீங்க, மைக்ல காத்து இரைஞ்சிருக்கும். காரணம் காதுல விழலன்னா ஜனங்க படத்த மட்டும் பார்த்து திட்டத்தான் செய்வாங்க. மைக்குக்கு பஞ்சு உறை போடுங்க.

மண்டபம்கரை
வீட்டுக்குள்ளதான் எடுத்தேன் அண்ணே, சத்தம் தெளிவாத்தான் இருக்கு. புளிக்குழம்புக்குத்தான் தரம். அத வேற சொல்லணுமா? பின்னாடி சட்டியே இருக்கு.

கரையோரம்
சொல்லணும் தம்பி. நீங்க சொன்ன வரிகள்ல நாலு, வந்த கமெண்ட்ல நாலு, அப்படியே ஒட்டுங்க. பார்க்காம மருந்து சொல்ல முடியாது.

சட்டிச்சோறு
நான் சொல்றேன் கேளுங்க. வேணும்னே ஒரு மீன தப்பான இடத்துல வைங்க. நண்ட கொண்டு போய் கடைசியில வைங்க. ஊரே வந்து எழுதும். நான் பரோட்டாக் கடைகளுக்கு அப்படித்தான் செஞ்சேன், என் வீடியோவுலயே அதுக்குத்தான் கமெண்ட் அதிகம்.

மண்டபம்கரை
அக்கா, நான் சொன்னது:
"சீலா. S. வேற லெவல்."
"பாறை. A. நல்லாருக்கும்."
"சாளை. B. பரவால்ல."
"காரல். D. முள்ளு, வேஸ்ட்."

வந்தது:
"வஞ்சிரத்த விட்டுட்டு சீலாவ தூக்கி முதல்ல வச்சிருக்கான் பாரு."
"சீலா எங்க ஏரியாவுல வஞ்சிரத்துல பாதி விலைக்குக் கூட போகாது."
"காரல் தின்னு வளர்ந்தவன் நான், எங்க வீட்டுச் சோறு வேஸ்ட்டா?"
"சீலா S-ஆ? அன்ஃபாலோ."

கரையோரம்
ரெண்டாவது கமெண்ட படிக்கும்போதே புரிஞ்சிருச்சு. அவங்க சென்னைக்காரங்க. நம்ம கரையில சீலான்னா அவங்க ஊர் வஞ்சிரம். அவங்க ஊர்ல சீலான்னா நாம ஊளிங்கிற மீன். நீங்க வஞ்சிரத்ததான் முதல்ல வச்சீங்க, அவங்களும் வஞ்சிரம்தான் முதல்லன்றாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து, பேர்லதான் சண்டை. படத்துல என்ன வச்சிருந்தீங்க, முழு மீனா, துண்டா?

மண்டபம்கரை
துண்டு. வறுத்த துண்டு. கூகுள்ல எடுத்தது.

கரையோரம்
அதான். முழு மீனப் போட்டிருந்தா உடம்புல இருக்கிற குறுக்குக் கோட்டையும் மூஞ்சியையும் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பாங்க. இனிமே படம் முழு மீனா இருக்கட்டும், நம்ம பேருக்குக் கீழ சென்னைப் பேரும் இருக்கட்டும். சீலாவுக்குக் கீழ "சென்னையில் வஞ்சிரம்". ஊளியும் பட்டியல்ல இருந்தா அதுக்குக் கீழ "சென்னையில் சீலா". பாதி சண்ட அங்கேயே தீரும்.

மிச்சப் பாதி வரியில இருக்கு. "வேற லெவல்", "நல்லாருக்கும்", "பரவால்ல" மூணும் காரணமே இல்ல. அதுக்கு எதிரா யாரும் பேச முடியாது, திட்டத்தான் முடியும். அந்த "அன்ஃபாலோ"காரர் வேற என்னத்த எழுதுவார் சொல்லுங்க. கேக்கிறவர் தன் வீட்டுச் சட்டியில வச்சுச் சரிபார்க்கிற மாதிரி ஒரே ஒரு காரணம் வேணும். அந்தக் காரணம் எங்க செல்லாதுன்னு நீங்களே கடைசியில விட்டுக் கொடுக்கணும். அந்த இடத்துலதான் அவர் உள்ள வருவார்.

காரல எடுத்துக்குவோம். நான் எழுதினா இப்படி எழுதுவேன்:

"காரல், C. புளிக்குழம்புல கொதி கொஞ்சம் கூடினாலும் உடைஞ்சு முள்ளு குழம்போட கலந்திரும், பிள்ளைங்களுக்கு எடுத்துக் குடுக்க முடியல. சொதின்னா இதே காரல ரெண்டு படி மேல ஏத்திருவேன், ஆனா இன்னைக்குத் தராசு புளிக்குழம்பு."

சத்தமா வாசிச்சுப் பாருங்க, பதினஞ்சு விநாடிக்குள்ள முடியும். இதுக்கு ஒரு அம்மா என்ன எழுதுவாங்க? "எங்க வீட்டுல குழம்பு கொதிச்சு இறக்கப் போறப்பதான் காரலப் போடுவோம், உடையாது"ன்னு எழுதுவாங்க. அதுதான் உங்களுக்கு வேணுங்கிற பேச்சு.

அந்த D-ய எடுத்திருங்க. கரையில பாதி வீட்டுக்கு அன்னாடச் சோறு அது. குறை மீன் மேல இருக்கட்டும், தின்கிறவங்க மேல விழக் கூடாது.

கீழக்கரைப்பையன்
அக்கா சொல்ற கடைசி வரி எனக்கு நடந்தது. நான் இனிப்புக்கு லிஸ்ட் போட்டேன். தொதல B-ல வச்சு, "கெழவிங்க தின்கிறது"ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டேன். எங்க ராத்தா ஒரு வாரம் பேசல. தொதல் எங்க இருக்குன்னு யாரும் சண்டைக்கு வரல, அந்த வார்த்தைக்குத்தான் வந்தாங்க. அடுத்த தடவ "ஆறினா பல்லுல ஒட்டுது, அதான் B"ன்னு சொன்னேன். சுடச்சுட தின்னுப் பாருடான்னு ஆளாளுக்கு எழுதினாங்க.

சட்டிச்சோறு
எல்லாம் சரி, ஆனா இவ்வளவு நியாயமா பேசினா யார் கமெண்ட் போடுவா? தப்பா ஒண்ணு இருந்தாதான் கை துறுதுறுக்கும்.

கரையோரம்
பாதி சரி சொல்றீங்க. எல்லாரும் தலையாட்டுற லிஸ்ட்டுக்குப் பேச்சு வராது, ஒண்ணு ரெண்டு மீன் உறுத்தத்தான் வேணும். ஆனா நீங்க நம்பி வச்சதாத்தான் அது உறுத்தணும். நண்ட கடைசியில வச்சுட்டு யாராவது ஏன்னு கேட்டா, கமெண்ட்ல இறங்கி என்ன பதில் சொல்வீங்க? பதில் இல்லன்னா அடுத்த வீடியோவுல நீங்க சொல்ற காரணத்த யாரும் காதுல வாங்க மாட்டாங்க. தம்பி நிஜமாவே சாளைய பாறைக்கு மேல வைக்கலாம்னு நினைச்சா அத வைக்கட்டும், அது போதும்.

தொண்டிவலை
சாளை பாறைக்கு மேலதான். எண்ணெய் வச்ச சாளை சீசன்ல ஒரு சட்டி வச்சு மறுநாள் காலையில தொட்டுப் பாருங்க. பாறையெல்லாம் சதை கெட்டி, குழம்பு உள்ள ஏறாது.

உப்பளத்தான்
பாறை சதைக்குள்ள ஏறலன்னா நீங்க பெரிய பாறை வாங்கியிருக்கீங்க. சின்னப் பாறைய முழுசா கீறிப் போடணும். சாளை மறுநாள் நாத்தம்.

தொண்டிவலை
நாத்தம்னா மீன் பழசு. மண்சட்டியில வச்சு தேங்கா அரைக்காம விட்டா ரெண்டு நாள் நிக்கும்.

உப்பளத்தான்
தேங்கா இல்லாம எவன் மீன் குழம்பு வைப்பான்?

தொண்டிவலை
நாங்க வைப்போம். எங்க அப்பத்தா காலத்துல இருந்து.

ராம்நாடு எடிட்டர்
இது சமையல் இழை இல்ல.

கரையோரம்
இருக்கட்டும் எடிட்டர். தம்பி, இவங்க ரெண்டு பேரும் பேசுறதப் பாருங்க. ஒருத்தர் "சதைக்குள்ள ஏறாது"ன்னு காரணம் சொன்னார், இன்னொருத்தர் "சின்ன மீன கீறிப் போடு"ன்னு திருப்பினார். உங்க கமெண்ட்டும் இப்படித்தான் வரணும். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு மீன ஒப்பிட்டுச் சொன்னா இது தானா வரும். சீலாவையும் காரலையும் ஒப்பிட்டா பேச ஒண்ணுமில்ல. பாறைக்கும் சாளைக்கும் நடுவுல இருக்கிற கோடுதான் உங்க வீடியோவே. அதுக்கு 40 விநாடி குடுங்க. எல்லாரும் ஒத்துக்கிற மீன அஞ்சு விநாடியில வச்சுட்டு நகருங்க. 14-க்கும் ஒரே அளவு நேரம் குடுத்தா எது முக்கியம்னு கேக்கிறவங்களுக்குத் தெரியாது.

S-ல எத்தனை மீன் வச்சீங்க?

மண்டபம்கரை
அஞ்சு.

கரையோரம்
ஒண்ணு, இல்ல ரெண்டு. அஞ்சு பேருக்கும் முதல் பரிசுன்னா யாருக்கும் வருத்தமில்ல, யாரும் பேசவும் மாட்டாங்க.

பாம்பன்வாசி
ஒரு சந்தேகம். A-க்கு மேல S எதுக்கு? எங்க அம்மாவுக்குப் போட்டுக் காட்டினா எஸ்ஸுன்னா சுமாரான்னு கேக்குது.

கீழக்கரைப்பையன்
ஜப்பான்ல தரம் போடுற முறை அது, A-க்கு மேல ஒண்ணு வேணும்னு வச்சாங்க. கேம் விளையாடுறவங்க மூலமா நம்மகிட்ட வந்துச்சு. மீன் பார்க்கிற கூட்டத்துக்கு அது வேணாம். "மருமகனுக்கு", "ஞாயித்துக்கிழமைக்கு", "அன்னாடத்துக்கு"ன்னு வரிசைக்குப் பேர் வைங்க. எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒடனே புரிஞ்சுது.

ராம்நாடு எடிட்டர்
அங்கதான் தப்பு. மருமகனுக்கு வைக்கிறது விலையப் பார்த்து. புளிக்குழம்புக்கு எது ருசின்னு தரம் போடுறவர், பாதியில கௌரவத்துக்குத் தரம் போட்டுருவார். சாளை எவ்வளவு ருசியா இருந்தாலும் மருமகனுக்கு யாரும் வைக்க மாட்டாங்க. அப்ப முதல் வரிசைக்கு அது போகவே முடியாது. தராசு மாறிருச்சே.

கரையோரம்
இது நல்ல கேள்வி. எடிட்டர் சொல்றது சரின்னுதான் படுது, ஆனா அந்தப் பேர்களும் மனசுல ஒட்டுது. S, A-யவே வச்சுக்கிட்டு, முதல் அஞ்சு விநாடியில "புளிக்குழம்பு, ருசி மட்டும், விலை கணக்குல இல்ல"ன்னு சொல்லி, அதையே ஓரத்துல வீடியோ முழுக்க எழுதி வச்சா போதும்னு நினைக்கிறேன். வேற யாராவது செஞ்சு பார்த்திருந்தா சொல்லுங்க.

சட்டிச்சோறு
இன்னொண்ணு. முதல்ல மீன வரிசையில வச்சுட்டு காரணம் சொல்லணுமா, காரணம் சொல்லிட்டு வைக்கணுமா? நான் வச்சுட்டுத்தான் சொல்வேன். வச்ச ஒடனே "ஐயையோ"ன்னு நிமிர்ந்து உக்காருவாங்க.

கரையோரம்
நான் உறுத்துற மீனுக்கு மட்டும் காரணத்த முதல்ல சொல்வேன். வச்சுட்டுச் சொன்னா, பாதிப்பேர் காரணத்தக் கேக்காமலே எழுத ஆரம்பிச்சிடுறாங்க.

சட்டிச்சோறு
எழுதினா எழுதட்டுமே, அதுதானே வேணும்.

கரையோரம்
இதுல நமக்குள்ள ஒத்துப்போகாது.

உப்பளத்தான்
தேங்கா விஷயம் இன்னும் முடியல.

மண்டபம்கரை
எடுத்துப் போட்டுட்டேன். முழு மீன் படம், ரெண்டு ஊர்ப் பேரு, S-ல சீலா மட்டும். காரல் வரிய அக்கா எழுதினத அப்படியே சொன்னேன். சீலா சண்ட வரல. காரலுக்குக் கீழதான் பேச்சு அதிகம், எப்ப சட்டியில போடணும்னு அவங்களுக்குள்ளயே பேசிக்கிறாங்க. ஒருத்தங்க காரல வாழையிலையில கட்டிப் போடச் சொல்லியிருக்காங்க. கடலுக்குப் போகணும், வந்து பார்க்கிறேன்.

தொண்டிவலை
சாளைய எங்க வச்சீங்க?

உப்பளத்தான்
ஆமா, பாறைக்கு மேலயா கீழயா?

தொண்டிவலை
தம்பி?