பொருள்: நாயின் நரம்புப் பரிசோதனை – 'நிலை அனிச்சை' சரியா?

கயல்:
நண்பர்களுக்கு வணக்கம். நாயின் நரம்புப் பரிசோதனை பற்றிய தொடக்கநிலைக் கையேட்டை எழுதும்போது ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். நிற்கும் நாயின் பாதத்தை மடித்து, மேற்புறம் தரையில் படும்படி வைத்தால், நலமான நாய் உடனே நேராக்கிக்கொள்ளும். ஒரே காலில் நிற்கவைத்துப் பக்கவாட்டில் நகர்த்தினால் அக்காலால் தத்தும். இவற்றுக்குப் பொதுப்பெயராக 'நிலை அனிச்சை' என்று எழுதியிருக்கிறேன்.

செல்வம்:
சரிதான். முழங்காலைத் தட்டினால் உதறுவது போல, இதையும் நாய் யோசித்துச் செய்வதில்லையே. இலங்கை வழக்கில் 'நிலைத் தெறிவினை' என்றால் இன்னும் அழகு.

மாறன் (கால்நடை மருத்துவர்):
அழகுதான் செல்வம், ஆனால் நோயின் இடத்தையே தவறவிட்டுவிடுவோம். யோசிப்பதில்லை என்பது பாதி உண்மை. முழங்கால் உதறலுக்கு இடுப்புப் பகுதித் தண்டுவடம் போதும், மூளை வேண்டாம். மடிந்த பாதத்தைத் திருப்பவோ செய்தி மூளைவரை போய்த் திரும்ப வேண்டும்.

பின்கால் தள்ளாடும் ஒரு டாக்ஸ்ஹண்டை எடுத்துக்கொள்வோம். முன்பாதங்களை மடித்தால் உடனே திருப்புகிறது. பின்பாதங்கள் மடிந்தபடியே கிடக்கின்றன. படுக்கவைத்து முழங்கால் தசைநாணைத் தட்டினால் கால் நன்றாக உதறுகிறது. ஆகவே உதறலை நடத்தும் பகுதி பிழைத்திருக்கிறது. முன்கால்களுக்கும் குறையில்லை. பழுது இடையில், அதாவது மூன்றாம் மார்புக் கூறு முதல் மூன்றாம் இடுப்புக் கூறு வரையிலான தண்டுவடத்தில் இருக்க வேண்டும். உதறலும் இல்லையென்றால் சந்தேகம் அதற்குக் கீழே போகும். இரண்டையும் 'அனிச்சை' என்றால் மாணவர் எதை வைத்துப் பிரிப்பார்?

இன்னொன்றையும் எழுதுங்கள், கயல். பாதத்தை மடிக்கும்போது வயிற்றின்கீழ் கைகொடுத்து எடையைத் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் தசை பலவீனமே உணர்விழப்பாகத் தெரியும்.

நிலா:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் நாய்க்குப் பின்கால்கள் விழுந்துவிட்டன. ஆனால் விரலைக் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்கிறது. மூளைவரை வழி திறந்திருக்கிறது என்றுதானே பொருள்?

மாறன்:
இல்லை அம்மா. இழுப்பதும் தண்டுவட அளவிலேயே முடிந்துவிடும் அனிச்சைதான். கிள்ளும்போது காலைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். திரும்பிப் பார்த்தால், முனகினால், கடிக்க வந்தால் வலி மூளையை எட்டியிருக்கிறது. அப்படி எதுவும் இல்லையென்றால் இன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

செல்வம்:
ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 'நிலைமீட்பு வினை'?

கயல்:
பாதம் திருப்புவதற்குப் பொருந்துகிறது. தத்துவதில் மீட்க என்ன இருக்கிறது? விழாமல் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 'நிலைகாப்பு வினை' என்றால் இரண்டும் அடங்கும்.

மாறன்:
எனக்குச் சம்மதம். 'தத்தல் சோதனை' என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிழநாய்களில் வேறு குறையே இல்லாமலும் முழங்கால் உதறல் குறைந்திருக்கும். அங்கே 'அனிச்சை இழப்பு' என்று எழுதினால் நோய் என்று படிப்பார்கள்.

செல்வம்:
'அனிச்சை மங்கல்'?

கயல்:
மங்கல் என்றால் பார்வை நினைவுக்கு வருகிறது. இப்போதைக்கு அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.