புதுப்பிப்பு: பொட்டிக் இன்ஸ்டாவுக்கு ஒரு மாச பிளான்

அன்னிக்கு நான் கேட்டது: "தினமும் போஸ்ட் போட முடியல, ஒரே மாதிரி புடவை போட்டோவா போகுது, ஒரு மாசத்துக்கு எப்படி பிளான் பண்றது?"

தினமும் போட்டாதான் ரீச்னு ஒரு தம்பி சொன்னாரு, பாதி சரிதான், ஆனா தையல், பேக்கிங், டெலிவரி எல்லாம் ஒரே ஆள் பாக்குற கடைக்கு அது ஆகாது. துணிக்கடை அனுபவம் உள்ள அக்கா சொன்ன வழியதான் எடுத்தேன், வாரத்துக்கு மூணு போஸ்ட், செவ்வாய் புது வரவு, வியாழன் துணியப் பத்தி, சனி ரீல்.

ஷூட் எல்லாம் ஒரே காலைல, ஜன்னல் வெளிச்சத்துல. டியூப்லைட்ல அரக்கு கலர் சிவப்பா தெரிஞ்சு, வாங்குனவங்க திருப்பி அனுப்புவாங்க. ஒரு செட்டிநாடு காட்டன எடுத்தா கட்டுன லுக், பார்டர் க்ளோசப், முந்தானைய விரிக்குற வீடியோ, அதுக்கு ரெண்டு பிளவுஸ் மேட்ச்னு நாலு விதமா எடுத்துக்குறேன். ஒரே புடவை, ஆனா வேற வேற வாரத்துல வர்றப்ப பழசா தெரியல.

முக்கியமானது, சிங்கிள் பீஸ் எதையும் Meta Business Suite-ல ஷெட்யூல் பண்றதில்ல. போஸ்ட் வர்றதுக்குள்ள வித்துரும், அப்புறம் கமெண்ட்ல "இருக்கா இருக்கா"ன்னு கேட்டு சண்டை. அது ஸ்டோரில மட்டும். திரும்ப நெய்து வர்ற டிசைன்தான் ஷெட்யூல்ல, அதுவும் கடைசி வாரத்த காலியா விட்டுருவேன், புது பண்டில் வரும்ல.



வியாழன் போஸ்டுக்கு லைக் கம்மி, சேவ் ஜாஸ்தி. அத வச்சுக்கலாமா வேணாமான்னு இன்னும் புரியல, உங்க கடைல எப்படி?