நம் பேஜ் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிட்டதா? ஒரு வருடப் பதிவுகளைக் கையால் எண்ணிய அனுபவம்

கோரமங்களாக்காரி

கடைக்காரர்கள் கணக்கு எழுதும் ஆப் ஒன்றைச் செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. ஏப்ரலில் ஒரு நாள் நிறுவனர் கூப்பிட்டு, "போன வருஷம் நம்ம பேஜ் கடைக்காரர்கிட்ட பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருந்தது. இப்போ பேங்க் சுற்றறிக்கை மாதிரி இருக்கே?" என்றார். அந்தப் பதிவுகளை எழுதுகிறவள் நான்தான். கோபம் வந்தது. ஆனால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. சரி, எண்ணியே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போன ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை ஆயிரத்துக்கும் மேல் பதிவுகள். மாதத்துக்கு 15 வீதம் குலுக்கலில் எடுத்தேன், மொத்தம் 180. மொத்தமாகக் குலுக்கியிருந்தால் தீபாவளி மாதமே பாதி இடத்தைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே கேள்வி: இது பேச்சா, சுற்றறிக்கையா? மூன்று அடையாளங்கள் வைத்துக்கொண்டேன். படிப்பவரை "நீங்கள்" என்று அழைக்கவில்லை; யார் செய்தார்கள் என்று சொல்லாமல் "முடிவு செய்யப்பட்டுள்ளது" பாணியில் போகிறது; விதியோ கெடுவோ சொல்கிறது. மூன்றில் இரண்டு இருந்தால் சுற்றறிக்கை.

முதல் தப்பு இங்கேதான். ஏப்ரலில் தொடங்கி மார்ச் வரை வரிசையாகப் போனேன். மூன்றாம் நாள் மாலை, ஏப்ரல் பதிவுகள் 15-ஐயும் பழைய குறியைப் பார்க்காமல் மறுபடி குறித்தேன். நான்கு மாறின, நான்குமே பேச்சிலிருந்து சுற்றறிக்கைக்கு! பதிவுகள் மாறியதோ இல்லையோ, நான் கறாராகிவிட்டிருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எக்ஸெல்லில் ஒரு பத்தியில் `=RAND()` போட்டு வரிசையைக் கலைத்து, தேதிப் பத்தியை மறைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. அப்படியும் ராஜ்யோத்சவ வாழ்த்து வந்தால் நவம்பர் என்று தெரிந்துவிடுகிறது. அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முடிவு: முதல் மூன்று மாதங்களின் 45 பதிவுகளில் 9 சுற்றறிக்கை. கடைசி மூன்று மாதங்களின் 45-இல் 21. நிறுவனர் சொன்னது சரிதான் போல.

எச்எஸ்ஆர் ராஜா

எங்கள் பேஜிலும் இதே கதைதான். ஒரு வருடத்தில் லைக் பாதியாகிவிட்டது. ரீல்ஸ் போட ஆரம்பித்ததும் ஏறியது. நீங்களும் ரீல்ஸ் போட்டுப் பாருங்கள்.

கோரமங்களாக்காரி

ராஜா, லைக் பற்றிக் கேட்கவில்லை. எழுதுகிற விதம் மாறியதா என்பதுதான் கேள்வி. லைக் கூடினாலும் சுற்றறிக்கை சுற்றறிக்கைதானே!

ஜெயநகர் புள்ளி

(ஆய்வு நிறுவனத்தில் பதினைந்து வருடமாக இதே வேலை செய்கிறேன்.)

நீங்கள் தனியாகத்தான் குறித்தீர்களா? எழுதியவரே குறிப்பது கொஞ்சம் ஆபத்து. இன்னொருவர் பார்த்தாரா?

கோரமங்களாக்காரி

பார்த்தார் சார். சப்போர்ட் டீமில் ஒரு தம்பி. 180-க்கு வெளியே 40 பதிவுகளை எடுத்து இருவரும் தனித்தனியாகக் குறித்தோம். 34 ஒத்துப்போயின.

அல்சூர் மச்சான்

85 சதவீதம்! அப்புறம் என்ன, தாராளமாகப் போதும். காலேஜ் ப்ராஜெக்டில் எங்களுக்கு 80 இருந்தாலே பாஸ்.

ஜெயநகர் புள்ளி

மச்சான், எத்தனை ஒத்துப்போனது என்று பார்ப்பது சரிதான், ஆனால் அது பாதிதான். அம்மா, அந்த 34-ஐப் பிரித்துச் சொல்லுங்கள்.

கோரமங்களாக்காரி

இருவரும் பேச்சு என்றது 30. இருவரும் சுற்றறிக்கை என்றது 4. மீதி ஆறில் ஆளுக்கு மூன்று.

ஜெயநகர் புள்ளி

அதாவது இருவருமே 40-இல் 33-ஐப் பேச்சு என்கிறீர்கள். பதிவைப் படிக்காமலே அந்த விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 71 சதவீதம் ஒத்துப்போகும். அதற்கு மேல் எவ்வளவு ஒத்துப்போனீர்கள் என்பதுதான் கோஹன் கப்பா.

```
(0.85 - 0.71) / (1 - 0.71) = 0.48
```

இது போதாது. நீங்கள் தேடுவது சுற்றறிக்கையை. அதில் உங்களில் ஒருவராவது கைவைத்தது பத்துப் பதிவு, இருவரும் சேர்ந்து கைவைத்தது நான்கே நான்கு. அந்த ஆறும் என்ன மாதிரிப் பதிவுகள் என்று பாருங்கள்.

கோரமங்களாக்காரி

இரண்டு நாள் கழித்து வருகிறேன். ஆறில் ஐந்து மன்னிப்புப் பதிவுகள்! "சர்வர் நின்றதற்கு வருந்துகிறோம்" வகை. சிலது தம்பிக்குப் பேச்சு, எனக்கு சுற்றறிக்கை; சிலது அப்படியே தலைகீழ். விதியில் ஒரு வரி சேர்த்தோம்: தவறு யாருடையது என்று "நாங்கள்" போட்டுச் சொன்னால் பேச்சு, "சிரமம் ஏற்பட்டது" என்று மட்டும் போனால் சுற்றறிக்கை. வேறு 40 பதிவுகளில் சோதித்தோம். 37 ஒத்துப்போயின, கப்பா 0.8-ஐத் தாண்டியது. விதி மாறியதால் 180-ஐயும் மூன்றாம் முறையாகக் குறித்தேன். கண் பூத்துவிட்டது. முதல் காலாண்டு 9, கடைசி காலாண்டு 21, கூட்டுத்தொகை மட்டும் அப்படியே வந்து நிற்கிறது.

ஜெயநகர் புள்ளி

பழைய 40-ஐயே மறுபடி எடுக்காதது நல்லது. பதிலை மனப்பாடம் செய்த பரீட்சை மாதிரி ஆகியிருக்கும். இப்போது இன்னொன்று. வருடத்தின் நடுவில் கம்பெனியில் என்ன நடந்தது?

கோரமங்களாக்காரி

அக்டோபரில் ஆப்புக்குக் கட்டணம் வைத்தோம். அதற்குப் பிறகு விலை, கேஒய்சி, பராமரிப்பு நேரம் என்று அறிவிப்பாகவே போட வேண்டியிருந்தது... ஓ.

ஜெயநகர் புள்ளி

அதேதான். அறிவிப்பைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் எண்ணுங்கள்.

கோரமங்களாக்காரி

எண்ணினேன். முதல் காலாண்டில் அறிவிப்பு 5, அதில் சுற்றறிக்கைத் தொனி 4. மற்றவை 40, அதில் 5. கடைசி காலாண்டில் அறிவிப்பு 17, அதில் 15. மற்றவை 28, அதில் 6.

அறிவிப்பு அன்றும் அப்படித்தான் இருந்தது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது. எண்ணிக்கைதான் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. கடைசி காலாண்டிலும் பழையபடி 5 அறிவிப்பும் 40 மற்றவையும்தான் இருந்திருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். சுற்றறிக்கை 29 சதவீதம் வருகிறது. 20-லிருந்து 47 என்று பயந்தது 20-லிருந்து 29 ஆகிவிட்டது. நான் கெட்டுப்போகவில்லை என்று நிறுவனரிடம் சொல்லலாம், இல்லையா?

ஜெயநகர் புள்ளி

அவசரப்படாதீர்கள். மற்றவற்றில் 40-க்கு 5, 28-க்கு 6. இவ்வளவு சின்ன எண்களில் ஒன்றிரண்டு பதிவு இடம் மாறினாலே கதை மாறும். மாறவில்லை என்றும் சொல்ல முடியாது, மாறியது என்றும் சொல்ல முடியாது. அந்த வகையில் மட்டும் காலாண்டுக்கு நூறு பதிவாவது எடுத்தால் ஏதாவது தெரியும்.

அல்சூர் மச்சான்

கப்பா விஷயத்தில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது எனக்குப் புரியவில்லை. சிக்பேட்டில் கடை வைத்திருப்பவர் உங்கள் பேஜைத் திறந்தால் பாதிக்குப் பாதி சுற்றறிக்கைதானே பார்க்கிறார்? அறிவிப்பு கூடியதால் என்று அவரிடம் போய்க் கணக்குச் சொல்வீர்களா? நிறுவனருக்கும் அதே பேஜ்தானே தெரிகிறது?

ஜெயநகர் புள்ளி

நியாயமான கேள்வி. எழுதுகிறவரை மாற்றலாமா என்பதற்கு 29. பேஜ் எப்படித் தெரிகிறது என்பதற்கு 47. நிறுவனர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கேட்டிருக்கிறார். அறிவிப்பைப் பேச்சாக எழுத முடியுமா என்பது வேறு விஷயம்; 17-இல் இரண்டை அம்மாவே எழுதியிருக்கிறார்.

எச்எஸ்ஆர் ராஜா

அந்த இரண்டில் லைக் எவ்வளவு என்று பார்த்தீர்களா?

கோரமங்களாக்காரி

பார்க்கவில்லை ராஜா. இரண்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டையும் எடுத்துப் படித்தேன். ஒன்று பராமரிப்பு அறிவிப்பு: "இன்று இரவு 11 மணிக்கு ஆப்பை நிறுத்துகிறோம், நீங்கள் கடை மூடியிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்." அதை நிறுவனருக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து மற்ற வகையில் நூறு நூறாகக் குறிக்கப் போகிறேன், தம்பியும் கூட இருக்கிறான்.